லாபம் பிறந்த பிறகே வந்த விடுமுறை

1948. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் கரும்பை விட்டால் பெரிய பிழைப்பில்லை. அமெரிக்க முதலாளிகளை இழுக்க அரசு ஒரு தூண்டில் போட்டது: புதிதாகத் தொழிற்சாலை கட்டினால் சில ஆண்டுகளுக்கு வரியே கிடையாது, அதாவது வரி விடுமுறை. ஆலைகள் வந்து குவிந்தன. ஏழை நாடுகள் எல்லாம் அந்தத் தூண்டிலைக் கவனித்துக்கொண்டிருந்தன.

1978இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது அதே தூண்டில் இலங்கைக்கும் வந்தது. ஆனால் துறைமுகமும் விமான நிலையமும் அருகிலிருந்த மேற்குக் கரையிலேயே ஆலைகள் தங்கிவிட்டன. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்கு அனுப்பப் புறப்பட்டார். சலுகை மலையேறியது. சிக்கலும் கூடவே ஏறியது.

கொஸ்லந்தவில் 10 கோடி ரூபாயில் ஒரு கார்மன்ட் எழுந்ததாக வைத்துக்கொண்டால் சிக்கல் புரியும். துணி மலையேற வேண்டும், தைத்த சட்டை இறங்க வேண்டும். லயத்துப் பிள்ளைகளின் கை ஜுக்கி மெஷினுக்குப் பழகும்வரை கழிபடும் துண்டுகளே அதிகம். கையில் மிஞ்சும் பணம் முதலாண்டு 1 கோடி, அடுத்து 2, பிறகு 4, அதன்பின் ஆண்டுக்கு 5 கோடி. இயந்திரத் தேய்மானம் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 2 கோடி. ஆக முதலாண்டு 1 கோடி நட்டம், இரண்டாமாண்டு சுழியம். வரியே விழாத இடத்தில் விடுமுறை எதற்கு?

வரி 30 சதவீதம் என்றால், மூன்றாமாண்டு பழைய நட்டம் கழித்து 30 இலட்சம், அடுத்த ஈராண்டும் தலா 90 இலட்சம். உற்பத்தி தொடங்கிய ஆண்டிலிருந்தே எண்ணும் ஐந்தாண்டு விடுமுறையில் மிஞ்சியது 2.1 கோடி மட்டும். தேய்மானமும் வரியில்லாத ஆண்டுகளிலேயே கரைந்துபோனது. ஆறாமாண்டு 5 கோடி முழு லாபமாக நின்றது, அன்றுதான் 1.5 கோடிக்கு வரிச்சீட்டு வந்தது.

இந்த ஓட்டையை அடைத்தது ஒரு சாதுவான வாசகம். முதலீட்டுச் சபை ஒப்பந்தங்களில் அது இப்படி அமர்ந்தது: விடுமுறை, லாபம் காணும் ஆண்டிலிருந்து, அல்லது உற்பத்தி தொடங்கி இரண்டாண்டு கடந்ததும், எது முந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். நட்டத்திலேயே காலம் தள்ளி விடுமுறையை நீட்டுபவர்களுக்கு அந்த இரண்டாண்டு வரம்பு பூட்டு. கொஸ்லந்தக் கணக்கில் விடுமுறை மூன்றிலிருந்து ஏழாமாண்டு வரை நகர்ந்தது, மிச்சம் 5.1 கோடியானது. தொலைவிலுள்ள பணத்தை 15 சதவீதத்தில் தள்ளிப் பார்த்தாலும் இன்றைய மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. வரி விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை!

கதை அங்கே முடிந்திருக்கலாம். 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் விடவில்லை. பொதுவான வரி விடுமுறைக்குப் பதில், இயந்திரச் செலவை லாபத்திலிருந்து கூடுதலாகக் கழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நிரந்தரச் சலுகைக்கு முதலீடு 3 மில்லியன் டொலரைத் தாண்ட வேண்டும் என்பது நிபந்தனை. சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 ஏப்ரலில் அது 46 கோடி ரூபாய்க்கு மேல். 10 கோடி ரூபாய் கார்மன்டுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை, தற்காலிகச் சலுகை மட்டுமே எஞ்சியது.