சீனத்துக் கல்லில் ஒரு பாரசீகச் சொல்

மங்கோலியரின் குதிரைப்படை தமிழகத்தை மிதித்ததில்லை. எனினும் அவர்களுடைய பேரரசு நம் கடற்கரை வரை நீண்டு வந்தது. அதற்குச் சான்று சீனத்துக் குவாஞ்சௌ துறைமுகத்தில் 1956-இல் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு.

1281-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் அது பொறிக்கப்பெற்றது. சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒருவர் அவ்வூரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். 'செகசைகான்' என அக்கல் குறிக்கும் அரசரின் உடல்நலம் வேண்டியே அவ்வாறு செய்தார். அவ்வரசர் செங்கிசுகானின் பேரரான குப்ளாய்கான் என்பது அறிஞர் துணிபு. அக்கோயில் அரசரின் 'பர்மான்' படி அமைந்தது என்கிறது கல்வெட்டு. எங்கள் மன்னார்குடிக் கோயிலின் சோழர் கல்வெட்டுகளைப் படித்தவன் நான். அரசாணையை நம் முன்னோர் 'திருமுகம்' என்பர். பர்மான் என்பதோ பாரசீகச் சொல். சீனத்து மண்ணில், மங்கோலிய அரசரின் ஆணையை, தமிழர் ஒருவர் பாரசீகச் சொல்லால் குறிக்கிறார்! பாரசீகத்தையும் சீனத்தையும் ஒரே குடும்பத்தார் ஆண்டமையே இதற்குக் காரணம்.

ஆனால் அக்குடும்பத்தில் ஒற்றுமை இல்லை. நடு ஆசியாவில் கைது என்னும் உறவினர் குப்ளாயை எதிர்த்துப் போரிட்டார். தரைவழி இடர்ப்பட்டது, கடல்வழி சிறப்புற்றது. பாரசீகத்தை ஆண்ட அர்கூனுக்கு மணமகளை அனுப்ப நேர்ந்தபோதும் கப்பல்களே புறப்பட்டன. அவற்றில் வந்த மார்க்கோ போலோ பாண்டிநாட்டைக் கண்டார். ஓர்மசு முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் இங்கு இறக்குமதியாயின என்றும், இங்கே அவற்றுக்குச் சோறு ஊட்டினர் என்றும், பராமரிக்கத் தெரியாமையால் பெரும்பாலானவை மடிந்தன என்றும் எழுதினார். குதிரைகள் மடிந்தமையால் வாணிகம் ஓயவில்லை. ஆண்டுதோறும் புதியன வாங்க வேண்டியதாயிற்று.

வாணிகம் சென்ற வழிகளில் நோயும் சென்றது. கிர்கிசுத்தானத்து இசிக்குல் ஏரிக்கருகே 1338, 1339-ஆம் ஆண்டுகளில் இறந்தோரின் கல்லறைகள் உள்ளன. அவர்களின் பற்களில் பிளேக் கிருமியின் மரபுப்பொருள் இருந்தமையை 2022-இல் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். 1346-இல் கருங்கடற்கரையின் காபா நகரை முற்றுகையிட்ட மங்கோலியரிடையே அந்நோய் பரவியது. 1347-இல் கப்பலேறி இத்தாலியை அடைந்தது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பியரில் மூவரில் ஒருவரேனும் மாண்டனர்.

அது தமிழகத்தையும் தாக்கியதா? 1340-களில் மதுரைக்கு வந்த இபின் பதூதா, கொள்ளைநோய் கண்டவர் ஓரிரு நாளில், தப்பினால் மூன்று நான்கு நாளில் இறந்ததாகச் சொல்கிறார். இதுகொண்டே அதனைப் பிளேக் என்பாரும் உண்டு. ஆயின் பிளேக்கின் தனி அடையாளமான நெறிக்கட்டியை அவர் குறிக்கவில்லை. விரைந்து கொல்வது வாந்திபேதிக்கும் உரியது. ஆகவே காலம் ஒத்தது என்பதைக்கொண்டு நோயும் ஒன்றே எனத் துணிதல் தகாது.

கல் சொல்வதை நம்பலாம். கல் சொல்லாததை நாமே எழுதிச் சேர்த்தல் ஆகாது.