சிறுநீர்த் தொற்று, குழந்தைகளில்: பின்னோட்டப் பரிசோதனையின் வரலாறு

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. உடலெங்கும் பார்த்தும் காரணம் தெரியாத இப்படிப்பட்ட காய்ச்சல்களில் ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் சிறுநீர்த் தொற்றால் வருபவை. எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் போன்ற பெரியவர்களின் அறிகுறிகளைக் கைக்குழந்தையால் சொல்ல முடியாது. காய்ச்சலும், பால் குடிக்க மறுப்பதும், சில வேளை வாந்தியும் மட்டுமே வெளியே தெரியும். இந்த வயதில் காய்ச்சலோடு வரும் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகம் வரை ஏறியிருக்கும். அது ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் சிறுநீர்ப் பின்னோட்டம் மருத்துவத்துக்குள் வந்தது.

தொற்றுக்குக் காரணமான கிருமி முதலில் அடையாளம் காணப்பட்டது. ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரியாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், 1885இல் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று ஈ. கோலை என்று எல்லோரும் அறிந்த கிருமி அதுதான். 1894இல் அதே கிருமி சிறுமிகளின் சிறுநீர்ப்பையில் அழற்சியை உண்டாக்குவதை அவரே விவரித்தார். குடலில் சாதுவாக இருப்பது சில அங்குலம் தள்ளிப் போனதும் நோயாகிறது என்ற புரிதல் அப்போது வந்தது. ஆனால் ஆன்டிபயாடிக் வராத அந்தக் காலத்தில் செய்ய முடிந்தது குறைவு. நிறையத் தண்ணீரும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் உப்புகளுமே பெரும்பாலும் மருந்தாக இருந்தன.

பின்னோட்டம் வேறொரு வழியாகத் தெரியவந்தது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர் நாளம், சிறுநீர்ப்பையின் சுவரை நேராகத் துளைப்பதில்லை. சுவருக்குள் சாய்வாகச் சிறிது தூரம் ஓடி, பிறகுதான் உள்ளே திறக்கிறது. பை நிரம்பும்போது உள்ளழுத்தம் அந்தச் சாய்வான பகுதியை நசுக்கி மூடிவிடும். சிறுநீர் கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது. இந்தச் சாய்வுப் பாதையே தடுப்பு என்று 1903இல் விளக்கியவர் அமெரிக்காவின் ஜான் சாம்ப்ஸன். பின்னாளில் கருப்பை உட்சவ்வு நோய் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றவர் அவர். சிறுநீரியலில் அவருக்கு இப்படியொரு பங்கு உண்டு என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். 1959இல் பாக்வின் என்ற மருத்துவர் இந்தப் பாதைக்கு ஓர் அளவைக் கொடுத்தார்: பின்னோட்டம் இல்லாத குழந்தைகளில் சுவருக்குள் ஓடும் நீளம், நாளத்தின் விட்டத்தைப் போல் சுமார் 5 மடங்கு. நீளம் குறைந்தால் மூடல் தோற்கிறது, பையில் இருப்பது மேலே ஏறுகிறது. குழந்தை வளர வளர அந்தப் பாதையும் நீளும் என்பதால், இலேசான பின்னோட்டம் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிறது.

இது நோயோடு எப்படிச் சேர்ந்தது? சான் பிரான்சிஸ்கோவின் ஜான் ஹட்ச், முதுகுத்தண்டு காயம்பட்டுக் கால்கள் செயலிழந்தவர்களிடம் பின்னோட்டமும் சிறுநீரகச் சேதமும் சேர்ந்தே இருப்பதை 1952இல் எழுதினார். குழந்தைகளைப் பொறுத்தவரை திருப்பம் 1960இல் வந்தது. லண்டனின் கதிரியக்க மருத்துவர் ஜான் ஹாட்ஸனும் அவருடைய சகாவான எட்வர்ட்ஸும், சிறுநீரகத்தில் தழும்பு விழுந்த நோயாளிகளின் படங்களை அடுக்கிப் பார்த்தபோது பலருக்கும் பின்னோட்டம் இருந்ததைக் கண்டார்கள். தழும்பு விழுந்த சிறுநீரகம் பின்னாளில் இரத்தக் கொதிப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழிவிடும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. ஆக ஒரு சங்கிலி உருவாயிற்று: பின்னோட்டம், தொற்று, தழும்பு, செயலிழப்பு. முதல் கண்ணியை அறுத்துவிட்டால் கடைசிக் கண்ணி வராது என்று மருத்துவ உலகம் நம்பியது. 1973இல் நியூசிலாந்தின் ராஸ் பெய்லி இதற்குப் பின்னோட்டச் சிறுநீரக நோய் என்ற பெயரையும் சூட்டினார்.

சங்கிலிக்குச் சோதனைக்கூட ஆதாரம் லண்டனில் ரான்ஸ்லியும் ரிஸ்டனும் பன்றிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில் கிடைத்தது. பன்றியின் சிறுநீரக அமைப்பு மனிதனுடையதை ஒத்தது. மேல், கீழ் முனைகளில் உள்ள சில திசு முகடுகள் தட்டையாக இருப்பதால் பின்னோக்கி வரும் சிறுநீர் அங்கே திசுவுக்குள்ளேயே புகுகிறது. தழும்பும் அங்கேதான் விழுகிறது. இதில் இரண்டு செய்திகள் இருந்தன. கிருமியில்லாத சிறுநீர், அழுத்தம் அதிகமில்லாதபோது, தழும்பை உண்டாக்கவில்லை. கிருமி கலந்தபோது முதல் தொற்றிலேயே பெருஞ்சேதம் நிகழ்ந்துவிட்டது. இரண்டாவது செய்தியை மருத்துவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்: காய்ச்சலைச் சீக்கிரம் இனங்காண வேண்டும். ஆனால் முதல் தொற்றே சேதத்தைச் செய்துவிடுமென்றால், தொற்றுக்குப் பிறகு பின்னோட்டத்தைத் தேடுவது எதைத் தடுக்கும் என்ற கேள்வி உரக்க எழச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

இதற்கிடையில் தேடல் வழக்கமாகிவிட்டது. அதற்கான கருவி எம்.சி.யு. எக்ஸ்ரே. சிறுநீர்ப்புறவழி வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, பையை எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தால் நிரப்பி, நிரம்பும்போதும் குழந்தை சிறுநீர் கழிக்கும்போதும் படமெடுப்பார்கள். திரவம் எவ்வளவு உயரம் ஏறுகிறது, நாளம் எவ்வளவு விரிந்து வளைகிறது என்பதைக் கொண்டு 1980களில் ஐந்து படிகள் வகுக்கப்பட்டன: முதல் படியில் நாளத்தோடு நின்றுவிடும், ஐந்தாவதில் நாளம் முறுக்கிக்கொண்டு சிறுநீரகத்தின் கிண்ணங்கள் உருக்குலைந்திருக்கும். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த சிறு குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதாவதொரு படியில் பின்னோட்டம் இருந்தது. 1999இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைகளுக்கு முதல் தொற்றுக்குப் பிறகே அல்ட்ராசவுண்டுடன் பின்னோட்டத்தைத் தேடும் படமும் எடுக்கப் பரிந்துரைத்தது. பின்னோட்டம் தெரிந்தால் தினமும் குறைந்த அளவு ஆன்டிபயாடிக், அல்லது நாளத்தை மாற்றிப் பதிக்கும் அறுவை என்பதே நடைமுறை.

அறுவையா மருந்தா என்பதை ஒப்பிட்ட சர்வதேசப் பின்னோட்ட ஆய்வு, ஐரோப்பாவில் 10 ஆண்டுகள் தொடர்ந்த பிறகும் புதிய தழும்புகளில் வேறுபாடு காணவில்லை. 2000இல் ஆஸ்திரேலியாவின் ஜானதன் கிரெய்க் குழு இன்னும் சங்கடமான கேள்வியைக் கேட்டது: பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சிகிச்சை அளித்த பிறகு, பின்னோட்டத்தால் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பவர்கள் குறைந்தார்களா? பதிவேடுகள் குறையவில்லை என்றன. கர்ப்பகால ஸ்கேன் பரவியதும் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. கடுமையான பின்னோட்டம் உள்ள பல ஆண் குழந்தைகள், ஒரு தொற்றும் வராத நிலையிலேயே சிறுத்த, சரியாக வளராத சிறுநீரகத்தோடு பிறக்கிறார்கள். தொற்றின் தழும்பு என்று எண்ணப்பட்டவற்றில் ஒரு பகுதி பிறவிக் குறைபாடு. மறுபுறம், சிறுநீரகத் தழும்பைக் காட்டும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் வந்தபின், பின்னோட்டமே இல்லாத குழந்தைகளுக்கும் சிறுநீரகத்தில் தொற்றும் தழும்பும் ஏற்படுவது தெரிந்தது. சங்கிலி இரண்டு பக்கமும் தளர்ந்தது.

2011இல் அமெரிக்கக் கழகம் பின்வாங்கியது: முதல் தொற்றுக்கு அல்ட்ராசவுண்ட் போதும், அது இயல்பாக இருந்தால் எம்.சி.யு. வேண்டாம். 2014இல் வெளிவந்த ரிவர் ஆய்வு, பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளில் தினசரி மருந்தையும் போலி மருந்தையும் ஒப்பிட்டது. மருந்து திரும்பவரும் தொற்றைப் பாதியாகக் குறைத்தது. தழும்பைக் குறைக்கவில்லை, திரும்ப வந்த கிருமிகள் அந்த மருந்துக்குக் கட்டுப்படாதவையாக இருப்பது அதிகரித்தது. இந்த முடிவை மருந்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் படிக்க முடியும், இரு தரப்பும் அப்படியே படிக்கின்றன.

இன்றைய நடைமுறையை ஒரு கற்பனைக் குழந்தையைக் கொண்டு பார்க்கலாம். 9 மாதப் பெண் குழந்தை, இரண்டு நாளாக 39.5 டிகிரி காய்ச்சல், வேறு அறிகுறி இல்லை. முதல் சிக்கல் சிறுநீர் எடுப்பதுதான். ஒட்டுப் பையில் சேரும் சிறுநீரில் தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் எளிதில் கலந்துவிடும். பைச் சிறுநீரின் சோதனை சுத்தமாக இருந்தால் தொற்று இல்லை என்று ஓரளவு நம்பலாம்; அதில் கிருமி வளர்ந்தால் நம்ப முடியாது. இல்லாத தொற்றுக்கு மருந்தும், தேவையற்ற எம்.சி.யு.வும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் சிறு குழாய் வழியாகவோ, அடிவயிற்றில் ஊசி செலுத்தியோ, பொறுமை இருந்தால் பாய்ந்து வரும் சிறுநீரை நடுவில் பிடித்தோ எடுக்கிறார்கள். குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தேய்த்தால் 5 நிமிடத்துக்குள் சிறுநீர் கழிக்கும் வாய்ப்பு 12 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக உயர்வதாக 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது.

இந்தக் குழந்தையின் சோதனைப் பட்டையில் வெள்ளணு இருக்கிறது, நைட்ரைட் இல்லை. நைட்ரைட் இல்லாததால் தொற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கிருமி அதை உண்டாக்கச் சிறுநீர் சில மணி நேரம் பையில் தங்க வேண்டும். கைக்குழந்தை அவ்வளவு நேரம் அடக்கிவைப்பதில்லை. மாதிரியைக் கல்ச்சருக்கு அனுப்பிய பிறகே ஆன்டிபயாடிக் தொடங்குகிறது. குழாயில் எடுத்த மாதிரியில் ஒரு மில்லிலிட்டருக்கு 50,000க்கு மேல் ஈ. கோலை வளர்ந்து, வெள்ளணுவும் இருந்தால் தொற்று உறுதி. பெரியவர்களுக்கு எட்வர்ட் கஸ் 1950களில் வகுத்த 1,00,000 என்ற எல்லை இங்கே பாதியாகியிருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் கிருமி மருந்துக்குப் பணியவில்லை, அல்லது சிறுநீர் எங்கோ தேங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது அல்ட்ராசவுண்ட் உடனே வேண்டும். இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது, பின்னர் எடுத்த ஸ்கேனும் இயல்பு. எம்.சி.யு. எடுப்பதில்லை.

14 மாதத்தில் மறுபடி காய்ச்சல், மறுபடி அதே கிருமி. இரண்டாவது முறை என்பதால் இப்போது எம்.சி.யு. செய்யப்படுகிறது. இந்த வயதில் பை 90 முதல் 100 மில்லிலிட்டர் கொள்ளும். அந்த அளவு நிரப்பியபோது இடது பக்கம் மூன்றாம் படிப் பின்னோட்டம் தெரிகிறது. தொற்று ஆறி 4 முதல் 6 மாதம் கழித்து டி.எம்.எஸ்.ஏ. எடுத்தால்தான் நிலையான தழும்பையும் ஆறிக்கொண்டிருக்கும் வீக்கத்தையும் பிரித்தறிய முடியும். தினசரி மருந்தா, காத்திருப்பா என்பதைத் தழும்பு உண்டா, மலச்சிக்கல் உண்டா, குடும்பத்தால் மருந்தை விடாமல் கொடுக்க முடியுமா என்பவை தீர்மானிக்கின்றன. மருந்து கொடுத்த காலத்திலும் தொற்று வந்துகொண்டே இருந்தால், உள்நோக்கி வழியாக நாளத்தின் வாயருகே ஊசியால் ஒரு கூழ்மத்தைச் செலுத்தி அதை இறுக்கலாம். பெரிய அறுவை அதற்குப் பிந்தியது. எந்த வழியைத் தேர்ந்தாலும் பெற்றோரிடம் சொல்லப்படும் அறிவுரை ஒன்றே: அடுத்த காய்ச்சலுக்கு, காரணம் தெரியாவிட்டால், இரண்டு நாளுக்குள் சிறுநீரைச் சோதிக்க வேண்டும், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை அதற்கு முன் கொடுத்துவிடக் கூடாது, கொடுத்தால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம்.