அகவலும் துள்ளலும்: கலித்தொகையை அலகிட்டுப் பார்த்தபோது

சங்கத் தொகை நூல்களில் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை, ஐங்குறுநூறு எல்லாமே ஆசிரியப்பாவில் பாடின காதல். கலித்தொகை மட்டும் கலிப்பா. 1887-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை அதை முதன்முதலில் அச்சேற்றினார். காதல் ஒன்றுதான், ஆனால் படித்துப் பாருங்கள், குணமே வேறே! குறுந்தொகைத் தலைவி மெல்லப் பேசுகிறாள். கலித்தொகையிலோ கேலி, சண்டை, எதிர்ப்பேச்சு. ஏன் என்று அலகிட்டுப் பார்த்தேன். என்ஜினியர் புத்தி, பிரித்துப் போட்டால்தான் நிம்மதி.

நானே கட்டிய அடி ஒன்று: 'மாலை வந்தது மழையொடு கலந்தே'. மா-லை, நேர் நேர், தேமா. வந்-தது, கூவிளம். மழை-யொடு, கருவிளம். கலந்-தே, புளிமா. இனிச் சீர்கள் சேரும் இடத்தைக் கவனியுங்கள். 'லை' என்ற நேரை அடுத்து 'வந்' என்ற நேர். 'தது' என்ற நிரையை அடுத்து 'மழை' என்ற நிரை. 'யொடு'வை அடுத்து 'கலந்'. ஒரே இன அசைகள் கைகோத்துக்கொள்கின்றன. இதுதான் ஆசிரியத்தளை. எங்கும் தூக்கிப்போடாமல் ஒரே சீராக ஓடுகிறது. இதையே அகவலோசை என்கிறார்கள்.

இப்போது இன்னொன்று: 'மழைவந்த தெனச்சொல்லி மறைந்துநின்றாய் வருவாயோ'. மழை-வந்-த, தெனச்-சொல்-லி, இரண்டும் புளிமாங்காய். மறைந்-துநின்-றாய், கருவிளங்காய். வரு-வா-யோ, மறுபடி புளிமாங்காய். ஒவ்வொரு சீரும் நேரில் முடிய, அடுத்தது நிரையில் குதித்து எழுகிறது. காய்முன் நிரை, அதாவது கலித்தளை. வாய்விட்டுச் சொன்னால் துள்ளல் தானே தெரியும். பதில் கேட்டு நிற்கிற பேச்சுக்கு அது பொருந்துகிறது.

புதிதாக அலகிடும் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 'மழை', 'வந்ததென' என்று சொல்லைப் பார்த்துப் பிரித்தால் முதல் சீரில் ஓரசைதான் நிற்கும், துள்ளலும் செத்துப்போகும். சொல் நடுவில் முறிந்தாலும் சீர் முறியக்கூடாது. வகையுளி என்பது இதுதான். கணக்கு சரியா என்று காதுதான் சொல்லும்.

கலித்தொகைப் பாட்டு முழுக்க இப்படித் துள்ளுவதில்லை, வேறு தளைகளும் கலக்கின்றன. பல பாட்டுகளில் தரவு, தாழிசை கடந்து தனிச்சொல் வந்ததும் சுரிதகம் தொடங்கும். சுரிதகம் ஆசிரியமாகவோ வெண்பாவாகவோ வரும். அதாவது துள்ளின பாட்டு அங்கே மூச்சு வாங்குகிறது. சண்டை போட்டவள் தணிகிற இடமும் அநேகமாக அதுவே.

அதற்காகக் கலி என்றாலே கும்மாளம் என்று முடிவு கட்டவேண்டாம். நல்லந்துவனாரின் நெய்தற்கலியில் பிரிவால் நிலைகொள்ளாத பெண்கள் வருகிறார்கள். அங்கே அதே துள்ளல், ஓரிடத்தில் நிற்க முடியாத மனசாகக் கேட்கிறது.