செங்குத்து அதிர்ச்சி அலை

மீயொலி வேகத்தில் குழாயொன்றினூடாகச் செல்லும் வளி, ஓட்டத்துக்குச் செங்குத்தான மிக மெல்லிய ஒரு தளத்தைக் கடந்ததும் திடீரென ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. அந்தத் தளமே செங்குத்து அதிர்ச்சி அலை. அங்கே அமுக்கமும் வெப்பநிலையும் அடர்த்தியும் ஏறுகின்றன. மாக் எண் ஒன்றுக்குக் கீழே விழுகிறது. எவ்வளவு ஏறும், எவ்வளவு விழும் என்ற கணக்குக்கு விடை கிடைக்கப் பல தசாப்தங்கள் பிடித்தன. தாமதத்துக்குக் காரணம் கணிதம் கடினமாக இருந்ததல்ல. அலையைக் கடக்கும்போது எது மாறாமல் இருக்கிறது என்பதில் அறிஞர்களிடையே தெளிவு இருக்கவில்லை என்பதே காரணம்.

1860இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் ரீமான், திணிவும் உந்தமும் காக்கப்படுகின்றன என்று சரியாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் அமுக்கத்தையும் அடர்த்தியையும் இணைக்க, வெப்ப இழப்போ உராய்வோ இல்லாமல் மெதுவாக அழுத்தப்படும் வளியின் விதியைப் பயன்படுத்தினார். அதன்படி எந்திரோப்பி மாறாது. அப்படியானால் அலையில் சக்திக் கணக்கு சரிவராது. 1870இல் ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ராங்கின், மூன்றாவது நிபந்தனையாகச் சக்திக் காப்பை வைத்தார். பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி யூகோனியோ தனித்தே அதே முடிவுக்கு வந்தார். அவருடைய ஆய்வு 1887இலும், அவர் இறந்த பின் 1889இலும் வெளியானது. இன்று கணக்கிடப் பயன்படும் சமன்பாடுகள் இவர்கள் இருவரின் பெயரையே தாங்கியுள்ளன. வெப்பக் கொள்ளளவு விகிதம் 1.4 ஆகவுள்ள சாதாரண வளிக்கு அவை இவ்வளவு எளிமையாகச் சுருங்கும்:

```
M2² = (1 + 0.2 M1²) / (1.4 M1² − 0.2)
p2/p1 = (7 M1² − 1) / 6
T2/T1 = (1 + 0.2 M1²) / (1 + 0.2 M2²)
```

கண்டியைச் சூழ்ந்த அலவத்துகொட போன்ற, ஏறத்தாழ 500 மீற்றர் உயரமான இடத்தில் வளிமண்டல அமுக்கம் 95 கிலோபஸ்காலுக்கு அண்மையில் இருக்கும். தொட்டியில் 300 கெல்வினில் உள்ள அமுக்கவளி, ஒடுங்கி விரியும் ஒரு குழாய் வழியே இந்தத் திறந்த வெளிக்குப் பாய்வதாகக் கொள்வோம். வாயிலில் மாக் எண் 2. அலையும் சரியாக வாயிலில் நிற்கிறது. அமுக்க விகிதம் 27/6, அதாவது 4.5. ஆகவே அலைக்குச் சற்று முன் அமுக்கம் 21.1 கிலோபஸ்கால் மட்டுமே. இதற்குத் தொட்டியில் 165 கிலோபஸ்கால் தேவை. அலைக்குச் சற்று முன் வளி 167 கெல்வினுக்குக் குளிர்ந்து செக்கனுக்கு 518 மீற்றரில் ஓடுகிறது. அலையைத் தாண்டியதும் 281 கெல்வின், 194 மீற்றர், மாக் எண் 0.577. விடையைச் சரிபார்க்க உந்தக் கணக்கு போதும்: சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 228 கிலோகிராம் வளி 323.5 மீற்றர் வேகத்தை இழப்பதால் கிடைப்பது 73.9 கிலோபஸ்கால், 95க்கும் 21.1க்கும் இடையிலான வேறுபாடும் அதுவே.

இங்கே அடர்த்தி 2.67 மடங்காகிறது. எந்திரோப்பி மாறாதென்றால் அதே அடர்த்திக்கு அமுக்கம் 3.95 மடங்கே ஏற வேண்டும். 4.5க்கும் அதற்கும் உள்ள இடைவெளி, ஒழுங்கான இயக்கச் சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகிப் பயனிழந்ததன் அளவுகோல். தேக்க வெப்பநிலை 300 கெல்வினாகவே நிற்க, தேக்க அமுக்கம் மட்டும் 165இலிருந்து 119ஆக வீழ்கிறது. சக்தி எங்கும் போகவில்லை. அதைத் திரும்ப வேகமாக்கும் வாய்ப்புத்தான் போய்விட்டது. 1910இல் ரெயிலி சுட்டியதுபோல், எந்திரோப்பி குறைய முடியாதென்பதால் அமுக்கம் சடுதியாக வீழும் எதிர்ப்புற அலைக்கு இடமே இல்லை.

பாகுநிலையும் வெப்பக் கடத்தலும் இல்லாமல் இழப்பு எப்படி வரும் என்பது நியாயமான கேள்வி. அவை அலையின் தடிப்பைத்தான் தீர்மானிக்கின்றன; இருபுறமும் உள்ள நிலைகளை மூன்று காப்பு விதிகளே பூட்டிவிடுகின்றன. அதனால்தான் தடிப்பை அறியாமலே விடை காண முடிகிறது.

இன்னும் கனமான மறுப்பு அளவீட்டிலிருந்து வந்தது. 1903 அளவில் சூரிச்சில் ஸ்டோடோலா, பக்கவாட்டில் துளையிட்ட நீண்ட மெல்லிய குழலொன்றை நீராவிக் குழாயின் அச்சில் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் அமுக்கத்தை வாசித்தார். வாயிற்புற அமுக்கத்தைக் கூட்டக் கூட்ட ஏற்றம் தொண்டையை நோக்கி நகர்ந்தது. ஆனால் அது கத்தி வெட்டினாற்போல் இல்லாமல் சாய்ந்தே ஏறியது. சுவரையொட்டிய மெதுவான எல்லைப் படையே இதற்குப் பெருங்காரணம். ஒலியிலும் குறைந்த வேகமுள்ள அந்தப் படை வழியே கீழோட்டத்தின் அமுக்கம் மேலோட்டத்துக்குக் கசிந்து, படையைத் தடிப்பாக்கி, சில வேளை பிரித்தும் விடுகிறது. கல்டெக்கில் லீப்மான், ரோஷ்கோ ஆகியோருடன் அலைக்கும் எல்லைப் படைக்கும் இடையிலான இந்தத் தாக்கத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் சதீஷ் தவான். 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்த அவர், அங்கே நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார்.

அத்தகைய சுரங்கத்தில் ஒரு பரிமாணப் பார்வையின் பயன் முதல் நாளே தெரியும். ஓட்டம் தொடங்கும்போது அலை சோதனைப் பகுதியைக் கடந்தாக வேண்டும். அலைக்குப் பின் தேக்க அமுக்கம் 0.72 மடங்காகக் குறைவதால், மாக் 2இல் இரண்டாம் தொண்டையின் பரப்பு முதலாவதைவிடக் குறைந்தது 1.39 மடங்கு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் அதே வளி அதனூடாகச் செல்லாது. அலை மேலோட்டத்திலேயே தங்கிவிடும். சோதனைப் பகுதியின் சுவர் அமுக்கம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்பதே அதற்கான அடையாளம். எல்லைப் படையும் வழியை ஒடுக்குவதால், நடைமுறையில் 1.39ஐ விடச் சற்றுக் கூடுதலாகவே தொண்டையைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும்.