ஒலிப்புத்தகம் மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்குகிறதா? வரிசையைச் சரிசெய்வது எப்படி?

'பொன்னியின் செல்வன்' ஒலிப்புத்தகத்தின் 5 பாகங்களையும் எம்பி3 கோப்புகளாக அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுக்கிறீர்கள். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருப்பதால் அவர் திரையைப் பார்க்கக் கூடாது. பிளே பட்டனை அழுத்தியதும் 'கொலை வாள்' ஓடத் தொடங்குகிறது. அது மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகங்களில் கல்கி பொத்திப் பொத்தி வைத்த ரகசியங்களில் பாதி அங்கேயே அவிழ்ந்துவிடும்.

போனும் பழுதில்லை, கோப்பும் பழுதில்லை. அப்புறம் ஏன் இப்படி?

பிளேயர் எதைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது?

ஒவ்வொரு எம்பி3 கோப்புக்குள்ளும், ஒலிக்கு முன்னால், சின்னதாக ஒரு விவரச் சீட்டு இருக்கிறது. இதைத்தான் டேக் என்கிறோம். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், அத்தியாயத்தின் பெயர், அதன் எண், அட்டைப்படம் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான மியூசிக் பிளேயர்கள் கோப்பின் பெயரைக் கண்டுகொள்வதே இல்லை, இந்தச் சீட்டைத்தான் படிக்கின்றன.

நம் கதையில் நடந்தது இதுதான். 5 பாகங்களின் ஆல்பம் பெயரும் பாகத்தின் பெயராக மட்டுமே இருந்தது. பிளேயர் அகர வரிசையில் அடுக்கியது: கொலை வாள், சுழற்காற்று, தியாகச் சிகரம், புது வெள்ளம், மணிமகுடம். அதாவது 3, 2, 5, 1, 4.

சரி, 5 பாகங்களுக்கும் 'பொன்னியின் செல்வன்' என்று ஒரே ஆல்பம் பெயரைக் கொடுத்துவிட்டால்? அது இன்னும் மோசம். 1 என்ற எண்ணுள்ள கோப்புகள் 5 இருக்கும். பிளேயர் 5 பாகங்களின் முதல் அத்தியாயங்களையும் அடுத்தடுத்து ஓட்டிவிட்டுத்தான் இரண்டாம் அத்தியாயத்துக்கு வரும். இதைத் தவிர்க்க `Discnumber` என்று ஒரு கட்டம் உண்டு. ஆனால் எல்லா பிளேயர்களும் அதை மதிப்பதில்லை. பாகத்தின் எண்ணை ஆல்பம் பெயரிலேயே சேர்ப்பதுதான் எங்கேயும் தோற்காத வழி.

சீட்டில் என்ன எழுத வேண்டும்?

முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தின் சீட்டு இப்படி இருக்க வேண்டும்:

```
Title: ஆடித்திருநாள்
Artist: கல்கி
Album: பொன்னியின் செல்வன் 1 - புது வெள்ளம்
Album Artist: கல்கி
Track: 01/57
Genre: Audiobook
```

இதில் பலரும் காலியாக விடுவது `Album Artist`. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் மாறி மாறி வாசித்து, அவரவர் பெயர் `Artist` கட்டத்தில் இருந்தால், சில பிளேயர்கள் அதை இரண்டு புத்தகங்களாகப் பிரித்துவிடும். எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக ஆசிரியர் பெயரை `Album Artist`-இல் போட்டால் புத்தகம் சிதறாது. வாசிப்பவரின் பெயரை `Composer` கட்டத்தில் எழுதுவது ஒலிப்புத்தகப் பிரியர்களிடையே வழக்கம்.

எப்படி மாற்றுவது?

விண்டோஸ் கணினியில் Mp3tag என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு Kid3 இருக்கிறது. முதலில் மொத்தத்தையும் வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்துவிடுங்கள். டேக்கை மாற்றுவதால் ஒலியின் தரம் குறையாது. ஆனால் தவறாக அழித்த தலைப்புகளை மீட்க நகல் வேண்டும்.

ஒரு பாகத்தின் ஃபோல்டரை மட்டும் Mp3tag-இல் திறந்து, கோப்புகள் 1 முதல் 57 வரை சரியான வரிசையில் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். அடுத்து வரும் எண்ணிடல் திரையில் தெரியும் வரிசையைத்தான் பின்பற்றும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

Ctrl+A அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்தால், இடது பக்கக் கட்டங்கள் சிலவற்றில் `<keep>` என்று தெரியும். 'ஒவ்வொரு கோப்பிலும் இருப்பது அப்படியே இருக்கட்டும்' என்று அர்த்தம். `Title` கட்டத்தில் அதைத் தொடாதீர்கள். தொட்டு எதையாவது தட்டிச் சேமித்தால் 57 அத்தியாயங்களுக்கும் ஒரே தலைப்பு வந்துவிடும். ஆல்பம், ஆசிரியர் கட்டங்களை மட்டும் நிரப்பி Ctrl+S அழுத்துங்கள். தவறு நேர்ந்தால் உடனே Ctrl+Z.

அடுத்து Ctrl+K அழுத்தினால் எண்ணிடும் பெட்டி திறக்கும். எண்ணுக்கு முன் பூஜ்யம் சேர்க்கும் வசதியையும், மொத்த எண்ணிக்கையைச் சேமிக்கும் வசதியையும் டிக் செய்யுங்கள். பூஜ்யம் எதற்கு? எண்ணை எழுத்தாகப் படிக்கும் பிளேயருக்கு 1-க்கு அடுத்து 10, 11 என்று போய், 19-க்குப் பிறகுதான் 2 வரும். 01, 02 என்றிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

கடைசியாக, கோப்புகளின் பெயரையும் அதே வரிசைக்குக் கொண்டு வருவோம். Convert மெனுவில் `Tag - Filename` தேர்வு செய்து இதைக் கொடுங்கள்:

```
$num(%track%,2) - %title%
```

ஃபோல்டரையும் கோப்புப் பெயரையும் மட்டுமே பார்க்கும் பிளேயர்களுக்கு இது உதவும்.

ஒரே பெயர், இரண்டு ஆல்பங்கள்?

எல்லாம் செய்தும் 'பொன்னியின் செல்வன் 1' இரண்டு முறை தெரிகிறதா? முதல் சந்தேகம், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு காலி இடம். இரண்டாவது, தமிழுக்கே உரிய சிக்கல். 'பொ' என்பதில் உள்ள கொம்பு-கால் குறியை யூனிகோடில் ஒரே எழுத்துக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் சில பிளேயர்களுக்கு அவை வேறு வேறு சொற்கள். தீர்வு எளிது: எல்லாக் கோப்புகளையும் தேர்வு செய்து, பெயரை ஒரே முறை தட்டிச் சேமியுங்கள்.

தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் தெரிந்தால், பிளேயர் ஐடி3வி1 என்ற பழைய வகைச் சீட்டைப் படிக்கிறது எனலாம். அதில் தமிழுக்கு இடமே இல்லை. Mp3tag அமைப்புகளில் `ID3v1` எழுதுவதை நிறுத்தி, பழையதை நீக்கச் சொல்லி, `ID3v2.3 UTF-16` தேர்வு செய்து மீண்டும் சேமியுங்கள்.

அட்டைப்படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

அட்டைப்படம் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனித்தனியாகப் பதிகிறது. 5 பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். 2 எம்பி அளவுள்ள படத்தைப் போட்டால் படத்துக்கு மட்டுமே 586 எம்பி போய்விடும். அதையே 600 x 600 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, 100 கேபி அளவுள்ள ஜேபெக் ஆக்கினால் சுமார் 29 எம்பிதான். போன் திரைக்கு அது போதும். பாகத்துக்கு ஒரு நிறத்தில் அட்டை வைத்தால், எழுத்தைப் படிக்க முடியாதவரும் நிறத்தை வைத்து பாகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

புதிய அட்டை போனில் உடனே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். பிளேயர் பழைய படத்தை நினைவில் வைத்திருக்கும். அதன் நூலகத்தை மீண்டும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

எங்கே இது வேலை செய்யாது?

சில கார் ஸ்டீரியோக்கள் டேக்கையும் பார்க்காது, பெயரையும் பார்க்காது. பென் டிரைவில் எந்தக் கோப்பு முதலில் ஏறியதோ அதையே முதலில் பாடும். காலியான டிரைவில் பாகங்களை ஒவ்வொன்றாக, வரிசைப்படி நகலெடுப்பதே அதற்கு வழி. சந்தா செயலிகளுக்குள் பூட்டப்பட்ட ஒலிப்புத்தகங்களின் டேக்கை நாம் மாற்ற முடியாது.

போனை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை: முதல் பாகத்தின் 57-வது அத்தியாயத்தைக் கடைசி நிமிடத்துக்கு நகர்த்திவிட்டுக் காத்திருங்கள். அடுத்து என்ன ஓடுகிறது என்று பாருங்கள். 'சுழற்காற்று' முதல் அத்தியாயம் தானாகத் தொடங்கினால் வேலை முடிந்தது. அங்கேயே நின்றுவிட்டால், அந்த பிளேயர் ஓர் ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்ளும் வகை. 5 ஆல்பங்களையும் வரிசையாகச் சேர்த்து ஒரு பிளேலிஸ்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.