தமிழ்ப் பெயர்களின் அகரவரிசை: நிரலில் வரிசைப்படுத்தல்

மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதி, சொற்களை எழுத்து வரிசையில் தேடும் பழக்கத்துக்கு வழி திறந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட அகராதியும் அந்த வழியில் வந்ததே. இந்த மரபில் மெய்கள் க, ங, ச, ஞ எனத் தொடங்கி வ, ழ, ள, ற, ன என முடியும். கிரந்த எழுத்துகள் அதன் பின் வரும். க் முதலில், க அடுத்து, கா அதற்கும் பின்.

யூனிகோடு எண்கள் இந்த வரிசையைச் சொல்வதில்லை. தமிழ்ப் பகுதி 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அதில் இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் இணையான இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதனால்தான் ன, ந-வுக்கு அடுத்தும், ற, ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும், ஜ ஞ-வுக்கு முன்னும் அமர்ந்திருக்கின்றன. புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளையும் விடப் பெரிய எண்.

கண்ணன், கணேசன், கமலா, கவிதா, கனகா என்பது அகராதி வரிசை. எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் கணேசன், கண்ணன், கனகா, கமலா, கவிதா என்று தரும். அழகர்சாமிக்கு முன்பே அன்னலட்சுமி வந்துவிட்டால் பட்டியல் எண்வரிசையில் இருக்கிறது என்று சட்டெனத் தெரிந்துகொள்ளலாம்.

ஒலிகளாகப் பிரித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. க என்பதை க்+அ எனப் பிரித்தால், உயிர் மெய்க்கு முந்துவதால் கணேசன் மறுபடி கண்ணனுக்கு முன் வந்துவிடும். ஒப்பிட வேண்டிய அலகு முழு எழுத்து:

```python
import re
mei = "ஃகஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
def key(p):
    return [(mei.find(c), c,
             "0" if s == "\u0BCD" else "1" + s)
            for c, s in re.findall(
                "([ஃ-ஹ])([\u0BBE-\u0BCD]?)", p)]
# sorted(names, key=key)
```

பட்டியலில் இல்லாத உயிரெழுத்துக்கு `find` -1 தருவதால் அது முன்னே நிற்கிறது. ஒகரக் குறியை ஒருவர் ஒரே குறியாகவும், இன்னொருவர் எகரக் குறி, கால் என இரண்டாகவும் தட்டச்சு செய்திருக்கலாம். முதலில் NFC வடிவத்துக்கு மாற்றாவிட்டால் கொடி என்ற பெயர் இடம் மாறும்.

எண்களையே திருத்தினால் என்ன என்பதும் நியாயமான கேள்வி. ஒருமுறை குறியேற்றம் பெற்ற எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. 2010-இல் தமிழக அரசு யூனிகோடுடன் ஏற்ற TACE16, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் வரிசைப்படி எண் தந்தது. ஆனால் அது தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதை அறியாத கணினியில் பெயரே படிக்க வராது. வரிசைக்காக வாசிப்பை இழப்பது வீண் விலை. ICU நூலகத்தின் `ta` விதிகளையோ மேற்கண்டது போன்ற திறவையோ பயன்படுத்துவதே சரி. ஆனால் ‘ச. கமலா’ என முதலெழுத்தோடு பதிந்திருந்தால் எந்த விதியும் அவரைச் சகரத்தில்தான் வைக்கும். முதலெழுத்தைத் தனிக் களத்தில் பதியுங்கள்.