‘முடியாது’ என்ற தீர்ப்பும் டிராப்டவுன் அம்பும்

ஃபார்ம் உறுப்புகளை எல்லா பிரவுசர்களிலும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர முயன்ற வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ரோஜர் ஜோஹன்சனில் தொடங்குவர். 2004இலும் பிறகு 2007 ஜனவரியிலும் அவர் பல சிஎஸ்எஸ் பண்புகளை ஒவ்வொரு உறுப்புக்கும் கொடுத்து, பல பிரவுசர்களில் வந்த தோற்றத்தைப் படமாக அடுக்கிக் காட்டினார். அவர் கண்ட முடிவு இரண்டு: ஒரே தோற்றம் வருவது இயலாத காரியம், பிரவுசர்கள் பல பண்புகளைப் புறக்கணிக்கின்றன.

படங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவ்வளவு பொறுமையான சேகரம் அதற்குமுன் இருந்ததில்லை. ‘புறக்கணிக்கின்றன’ என்ற வாசிப்பைத்தான் ஏற்க முடியவில்லை. அது வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தவற்றை ஒரே குற்றமாக்கிவிடுகிறது. அன்று புழக்கத்தில் இருந்த சஃபாரி 2 மேக்கின் சொந்த உறுப்புகளையே பக்கத்தில் பொருத்தியது. சிஎஸ்எஸ் போய்ச் சேர அங்கே இடமே குறைவு. அதே 2007 அக்டோபரில் வந்த சஃபாரி 3 அவற்றைத் தானே வரையத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. ஓர் ஆண்டுகூடத் தாங்காத ஒன்றை இயலாமை என்பது எப்படி?

ஃபயர்பாக்ஸின் நடத்தை இன்னும் தெளிவான சான்று. டெக்ஸ்ட் பாக்ஸுக்கோ பட்டனுக்கோ நாம் பார்டரோ பின்னணி நிறமோ கொடுத்தால், அது இயங்குதளத் தோற்றத்தை முழுக்கக் கைவிட்டு, சிஎஸ்எஸ் சொல்வதை வரையும். செக்பாக்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது; எந்த பார்டரைக் கொடுத்தாலும் இயங்குதளப் பெட்டியே நிற்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ அந்தப் பெட்டியைச் சுற்றி இன்னொரு சதுரம் போட்டது. இங்கே நடப்பது புறக்கணிப்பு இல்லை. எழுதிவைக்கப்படாத ஒரு விதியை ஆளுக்கொரு விதமாகக் கடைப்பிடித்தல். எந்தத் தரநிலையும் அன்று அந்த விதியைப் பதியவில்லை. 2011இல் இறுதியான சிஎஸ்எஸ் 2.1கூட, ஃபார்ம் உறுப்புகளுக்கு எந்தப் பண்புகள் பொருந்தும் என்பதைத் தான் வரையறுக்கவில்லை என்றும், பிரவுசர் தரும் ஆதரவைச் சோதனை முயற்சியாகவே கொள்ளுங்கள் என்றும் கூறி ஒதுங்கியது. தடை அந்த மௌனத்தில் இருந்தது என்பதே என் வாதம்.

மௌனத்தின் விளைவை நன்றாகக் காட்டும் துண்டு ஒன்று உண்டு. குரோமிலும் சஃபாரியிலும் `-webkit-appearance: none` எழுதினால் டிராப்டவுனின் அம்பு மறைந்துவிடும். நம் அம்பைப் பின்னணிப் படமாக வைக்கலாம். ஃபயர்பாக்ஸில் `-moz-appearance: none` பெட்டியின் தோற்றத்தை மட்டும் அகற்றியது. அம்பு அப்படியே இருந்ததால் இரண்டு அம்புகள் தெரிந்தன. அதற்காகப் புழங்கிய மருந்து இது:

```css
select {
  -moz-appearance: none;
  text-indent: 0.01px;
  text-overflow: '';
}
```

ஒரு பிக்ஸலில் நூறில் ஒரு பங்கு உள்தள்ளல், வழிந்தால் காட்டவேண்டிய குறி வெற்றுச் சரம். இரண்டுக்கும் அம்போடு என்ன உறவு? ஃபயர்பாக்ஸ் அம்பை `select` உள்ளே தனி பட்டனாக வைத்திருந்தது. உள்தள்ளலால் வரி மயிரிழை நீள, அந்தப் பட்டன் வழிந்த பொருளாகக் கணக்கிடப்பட்டு வெற்றுச் சரத்தால் மாற்றப்பட்டது என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறாகவே இருந்தாலும் ஒன்று உறுதி: அம்பை நீக்கும் வழி பிரவுசருக்குள்ளேயே இருந்தது, அதற்குப் பெயர்தான் இல்லை. 2015 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 35 முதல் `none` அம்பையும் அகற்றியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 அதற்கு `::-ms-expand` என்ற தனிப் பெயரே தந்திருந்தது.

செக்பாக்ஸின் கதையைச் சுருக்கலாம். அசல் பெட்டியைக் கண்ணுக்கு மறைத்து, `:checked` நிலையைக் கொண்டு பக்கத்து லேபிளில் போலிப் பெட்டி வரைந்தார்கள். அசலை `display: none` கொடுத்து மறைத்தவர்களின் பக்கங்களில் டேப் விசை அந்தப் பெட்டியில் நிற்காமல் தாண்டிப்போனது. பிழையைக் கண்டறிய மவுஸைக் கீழே வைத்தாலே போதும். பிரதான பிரவுசர்களில் முன்னொட்டில்லாத `appearance` 2022 மார்ச்சில் சஃபாரி 15.4ஓடு முழுமையானதும், அசலின் மீதே வரையலாம் என்றாயிற்று. இயங்குதளத் தோற்றத்தை எந்தெந்தப் பண்புகள் அணைக்கும் என்ற பட்டியலும் சிஎஸ்எஸ் பயனர் இடைமுகத் தரநிலையின் நான்காம் நிலை வரைவில் ஏறியிருக்கிறது.

ஜோஹன்சனுக்கு உரியதை விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. டிராப்டவுனை அழுத்தியதும் விரியும் பட்டியல் அவர் சொன்னபடியே நெடுங்காலம் இயங்குதளத்தின் கையில் இருந்தது. `appearance: none` மூடிய பெட்டியோடு நின்றுவிடும். அந்தப் பட்டியலையும் திறந்துவிடும் `appearance: base-select` 2025 ஏப்ரலில் குரோம் 135இல் வந்தது. அதை அறியாத பிரவுசர் அந்த வரியை விட்டுவிட்டுப் பழைய பட்டியலையே காட்டும்.